இன்று அனுப்புவதா, பொறுப்பதா? திர்ஹம்–ரூபாய் விலை அலர்ட்டுகள் குறித்த ஓர் ஆய்வு

துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்ப்பவர், சம்பளம் கணக்கில் விழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி ‘இன்னிக்கு ரேட் என்ன?’ என்பது. அடுத்த கேள்வி ‘இன்னும் ஏறுமா?’ முதல் கேள்விக்கு எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஓடும் மின்பலகை பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பதில் தெரியாததால், கைபேசியில் ஓர் அலர்ட்டை வைத்துவிட்டுப் பலர் காத்திருக்கிறார்கள். ஒரு திர்ஹத்துக்கு இத்தனை ரூபாய் வந்தால் மணி அடிக்கட்டும், அதுவரை பணம் இங்கேயே கிடக்கட்டும் என்பது ஏற்பாடு.

எப்போது அனுப்பினால் நல்லது என்ற கேள்விக்குக் கடந்த சில பத்தாண்டுகளில் பல விடைகள் வந்துள்ளன. பொருளாதார அறிஞர்கள் ஒன்று சொல்கிறார்கள், கணிதவியலாளர்கள் ஒன்று சொல்கிறார்கள், லேபர் கேம்ப் அறையில் பேசப்படுவது இன்னொன்று. அந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் பணத்தோடு நிறுத்திக்கொள்கிறது. சிங்கப்பூர் வெள்ளியின் கணக்கு வேறு, மலேசிய ரிங்கிட்டின் கணக்கு வேறு. மூன்றையும் ஒரே மூச்சில் பேசினால் மூன்றுமே தெளிவாகாது.

கேள்வி இல்லாத காலமும் கேள்வி பிறந்த காலமும்

வளைகுடாவில் இந்திய ரூபாயே கடைத்தெருப் பணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. தங்கக் கடத்தல் பெருகியதால் 1959-இல் இந்திய ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிக்கென்று தனியாக ‘வளைகுடா ரூபாய்’ நோட்டுகளை அச்சிட்டது. அதன் மதிப்பும் இந்திய ரூபாயின் மதிப்பும் ஒன்றே. அன்று அங்கிருந்து ஊருக்கு அனுப்புவதில் வழி பற்றிய கவலை இருந்திருக்கலாம், விலை பற்றிய கவலைக்கு இடமில்லை.

1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்பது ஒரே நாளில் 7.50 ஆனது. வளைகுடா ரூபாயை வைத்திருந்தவர்களின் கையிருப்பும் கூடவே கரைந்தது. குவைத்தும் பஹ்ரைனும் அதற்கு முன்பே சொந்த நாணயத்துக்கு மாறியிருந்தன. மற்றவையும் விலகின. அமீரகத்தின் திர்ஹம் 1973-இல் வந்தது. ‘ரேட் என்ன?’ என்ற கேள்வியின் பிறப்பை இந்த விலகலிலிருந்து கணக்கிடலாம்.

ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் அந்தக் கேள்விக்கு ‘எப்போது’ என்ற பரிமாணம் பெரிதாக இல்லை. அரசு வைத்த விலை ஒன்று, வெளியே ஓடிய விலை ஒன்று என இருந்ததால், எந்த வழியில் அனுப்புவது என்பதே பேச்சு. வங்கியைவிட உண்டியலில் கூடுதல் ரூபாய் கிடைத்தது. அது சட்டவிரோதம், பணம் போனால் கேட்க ஆளில்லை, என்றாலும் நடந்தது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளில் குறைக்கப்பட்டது. 1992-இல் வந்த இரட்டை விலை முறையில், வரும் அந்நியச் செலாவணியில் 40 விழுக்காட்டுக்கு அரசு விலையும் மீதிக்குச் சந்தை விலையும் கிடைத்தன. 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாயின. அதன் பிறகுதான் ரூபாய் நாள்தோறும் ஏறி இறங்கும் பொருளானது. காத்திருந்தால் லாபமா என்று கேட்பதில் பொருள் இருப்பதும் அதன் பிறகுதான்.

அலர்ட் எதைப் பார்த்து அடிக்கிறது?

விடைகளுக்குப் போகுமுன் அளவுகோலைப் பார்த்துவிட வேண்டும். இதுபற்றிய வாக்குவாதங்களில் பாதி, இருவர் இரண்டு வெவ்வேறு விலைகளை மனத்தில் வைத்துப் பேசுவதால் வருவது.

1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று விலை கட்டப்பட்டிருக்கிறது. அது நகர்வதில்லை. ஆகவே திர்ஹத்தின் ரூபாய் விலை என்று தனியாக ஒன்று கிடையாது. டாலரின் ரூபாய் விலையை 3.6725-ஆல் வகுத்தால் வருவதே அது. டாலர் 90 ரூபாய் என்றால் திர்ஹம் ஏறக்குறைய 24.50. திர்ஹத்தில் 10 பைசா ஏற வேண்டுமானால் டாலரில் சுமார் 37 பைசா ஏற வேண்டும். துபாயின் பொருளாதாரம், அங்குள்ள வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கும் இந்த விலைக்கும் நேரடித் தொடர்பில்லை. மும்பையில் டாலர் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதே எல்லாம். திர்ஹத்துக்கு அலர்ட் வைப்பவர் உண்மையில் டாலருக்குத்தான் வைக்கிறார்.

இந்தியாவில் வங்கிகளுக்கிடையே டாலர்–ரூபாய் வணிகம் காலை 9 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. அமீரக நேரத்தில் இது காலை 7.30 முதல் பிற்பகல் 2 வரை. அதற்குப் பின்னும் இந்தியாவுக்கு வெளியே ரூபாய் ஒப்பந்தங்கள் கைமாறுவதால் திரையில் எண் அசைந்துகொண்டேதான் இருக்கும். இரவு பத்து மணிக்கு மணி அடித்தால், அந்த விலை கவுன்ட்டரில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. மறுநாள் மும்பை திறக்கும்போது எண் வேறாக இருக்கலாம். இரவிலும் வார இறுதியிலும் சந்தை மூடியிருக்கும் ஆபத்தை ஈடுகட்ட, பணம் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் இடைவெளியைச் சற்றே அகட்டி வைப்பதும் வழக்கம்.

சில வேளைகளில் திரையே தவறாக இருக்கும். 2024 மார்ச்சில் கூகுள் தேடலில் ஒரு டாலருக்கு 4.98 ரிங்கிட் என்று காட்டப்பட்டது. சந்தையில் அப்போது 4.70 அளவில்தான் வணிகம் நடந்தது. மலேசிய மத்திய வங்கி அது பிழையென்று அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணை நம்பி அலர்ட் வைத்திருந்தவருக்கு அன்று வெறும் மணிதான் அடித்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, திரை விலைக்கும் வீட்டுக்குச் சேரும் விலைக்கும் உள்ள இடைவெளி. தேடினால் முதலில் தெரிவது, வங்கிகள் தமக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். அந்த விலையில் எந்தக் கவுன்ட்டரும் பணம் அனுப்பாது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, திரையில் 23.90 இருக்கும் நாளில் ஓர் எக்ஸ்சேஞ்ச் 23.80 தருகிறது, கட்டணமும் அதன் மீதான 5 விழுக்காடு வாட் வரியும் சேர்த்து 21 திர்ஹம் வாங்குகிறது என்று கொள்வோம். கட்டணமே இல்லாத ஒரு செயலி 23.70 தருகிறது. 2,000 திர்ஹம் அனுப்புபவர் முதல் இடத்தில் 2,021 திர்ஹம் செலவிட்டு 47,600 ரூபாய் பெறுகிறார். அதாவது அவருக்குக் கிடைத்தது திர்ஹத்துக்கு 23.55. பலகையில் 10 பைசா குறைவாகக் காட்டிய செயலியில் 23.70. அதே ஆள் 6,000 திர்ஹம் அனுப்பினால் கட்டணம் பரந்துவிடுவதால் எக்ஸ்சேஞ்ச் முந்திவிடுகிறது. இந்தக் கணக்கில் இரண்டும் சமமாகும் இடம் சுமார் 5,000 திர்ஹம்.

ஆக, கையிலிருந்து போகும் மொத்தத் திர்ஹத்தால் வீட்டுக்குச் சேரும் ரூபாயை வகுத்தால் வருவதுதான் உண்மையான ரேட். பெரும்பாலான அலர்ட்டுகள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. 15 பைசா ஏறட்டும் என்று மூன்று வாரம் காத்திருப்பவர், அன்றே பக்கத்து வழியில் அந்த 15 பைசாவை எடுத்திருக்கக்கூடும்.

‘சம்பளம் வந்ததும் அனுப்பிவிடு’

முதல் நிலைப்பாடு மிகப் பழையது. ஏறுமா இறங்குமா என்று பார்க்காமல் மாதாமாதம் குறித்த தேதியில் அனுப்பிவிடுவது. வீட்டில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் தேதி பார்த்து வருவதால் பெரும்பாலான குடும்பங்களில் இது கொள்கையாக இல்லாமல் கட்டாயமாகவே இருக்கிறது.

இதற்கு அறிவுலக ஆதரவு 1983-இல் வந்தது. ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரோகாஃப் என்ற இருவர், டாலருக்கு எதிரான மார்க், யென், பவுண்டு ஆகியவற்றின் விலையை அன்றைய பொருளாதார மாதிரிகள் எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்று சோதித்தார்கள். ஓராண்டு வரையிலான கணிப்புகளில், ‘இன்றைய விலையே நாளையும் இருக்கும்’ என்ற மொட்டையான ஊகத்தை அந்த மாதிரிகளால் வெல்ல முடியவில்லை. பின்னர் வந்தவர்கள் நீண்ட காலக் கணிப்புகளில் சில விலக்குகளைக் காட்டினாலும், சில வாரக் கணக்கில் அந்த முடிவு பெரும்பாலும் நிற்கிறது. பணம் அனுப்புபவருக்கு அதுவே வேண்டிய கால அளவு.

இந்த முடிவை ரூபாய்க்கு அப்படியே பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. ரூபாய்க்கு நீண்ட காலச் சாய்வு ஒன்று இருக்கிறது. 2005 வாக்கில் டாலர் 44 ரூபாய், 2024 முடிவில் 85-க்கு மேல். ஆண்டுக்குச் சராசரியாக 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சரிந்திருக்கிறது. அப்படியானால் காத்திருப்பவர் பக்கம்தானே காற்று? அப்படித் தோன்றும். ஆனால் திர்ஹமாகச் சம்பளக் கணக்கில் கிடக்கும் பணத்துக்குப் பொதுவாக வட்டி கிடையாது. அதே பணத்தை ரூபாயாக மாற்றி என்ஆர்இ வைப்பில் போட்டால் அண்மை ஆண்டுகளில் 6, 7 விழுக்காடு வட்டி கிடைத்து வந்திருக்கிறது, இந்தியாவில் அதற்கு வரியும் இல்லை. ரூபாய் சரியும் என்ற எதிர்பார்ப்பு அந்த வட்டிக்குள்ளேயே பெருமளவு அடங்கியிருக்கிறது. சரிவை மட்டும் எண்ணி வட்டியை எண்ணாமல் விடுவதே, காத்திருப்பவர் தரப்பில் அடிக்கடி கேட்கும் வாதத்தின் ஓட்டை.

‘இலக்கு வை, மணி அடிக்கும்’

அலர்ட்டின் அடிப்படைத் தத்துவம் இது. இதற்கும் கணிதப் பின்னணி உண்டு. 1990-களில் ரான் எல்-யானிவும் உடன் ஆய்வாளர்களும், வருங்காலம் தெரியாமல் நாணயம் மாற்றுபவர் என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள். விலை எந்த எல்லைக்குள் ஆடும் என்று மட்டும் தெரிந்தால், மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அந்த விலை முதன்முறை வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆராய்ந்த விதிகளில் ஒன்று. கெடு முடியும்வரை வராவிட்டால் கடைசி நாள் விலைக்கே மாற்ற வேண்டும்.

திர்ஹம் 22.80-க்கும் 23.95-க்கும் இடையே ஆடும் என்று வைத்துக்கொண்டால், இந்த விதிப்படி இலக்கு சுமார் 23.37. எல்லைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது அது ஏறக்குறைய நடுப்புள்ளிதான். என்ன நடந்தாலும், மிகச் சிறந்த நாளில் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் குறையாது என்பது உத்தரவாதம். இதில் கவனிக்க இரண்டு செய்திகள் உள்ளன. நடைமுறையில் பலர் உச்சிக்கு அருகே இலக்கு வைக்கிறார்கள், கணிதம் நடுவில் வைக்கச் சொல்கிறது. இன்னொன்று, கெடு இல்லாத இலக்கை இந்தக் கணிதம் ஏற்பதே இல்லை. விதியின் பலவீனமும் வெளிப்படை: எல்லை முன்கூட்டியே தெரிய வேண்டும். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது, அந்த ஆண்டின் முற்பகுதியைப் பார்த்து யாரும் வரைந்திருக்கக்கூடிய எல்லை செல்லாததாகிவிட்டது.

இலக்கு முறைக்கு இவ்வளவு ஆதரவாளர்கள் ஏன் என்பதற்கு வேறொரு விளக்கம் இருக்கலாம். ஒரு மாதத்தில் விலை ஏறவோ இறங்கவோ சம வாய்ப்புள்ள, வழக்கமான ஆட்டம் 1 விழுக்காடு கொண்ட ஒரு சந்தையைக் கற்பனை செய்வோம். ரூபாயின் உண்மை ஆட்டத்துக்கு இது வெகு தொலைவில் இல்லை. இன்றைய விலைக்கு மேல் அரை விழுக்காட்டில் ஒருவர் அலர்ட் வைக்கிறார், வராவிட்டால் மாதக் கடைசியில் அனுப்பிவிடுகிறார். நிகழ்தகவுக் கணக்கின்படி பத்து மாதத்தில் ஏறக்குறைய ஆறில் மணி அடிக்கும். 2,000 திர்ஹத்துக்கு, அதாவது சுமார் 46,000 ரூபாய்க்கு, ஒவ்வொரு முறையும் 230 ரூபாய் கூடுதல். மணி அடிக்காத நான்கு மாதங்களில் சராசரி இழப்பு சுமார் 370 ரூபாய். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஆனால் நினைவில் நிற்பது அந்த ஆறு மாதங்கள். மணி அடித்த நாள் ஒரு நிகழ்ச்சி. அடிக்காமல் போன மாதம் சும்மா கழிந்துவிடும், அதற்கு ஒலி கிடையாது. தொடர்ந்து அலர்ட் வைப்பவர் தன் முறை பலிக்கிறது என்று நம்புவதில் வியப்பில்லை. தோற்ற மாதங்களையும் ஒரு நோட்டில் எழுதி வைக்காதவரை, முறை பலிக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரிய வழியில்லை.

வட்டிக்கு அலர்ட் கிடையாது

மேற்கண்ட நிலைப்பாடுகள் எல்லாம் பணம் அங்கே இருந்தால் என்ன, இங்கே இருந்தால் என்ன என்று எடுத்துக்கொள்கின்றன. எழுதப்பட்ட விடைகளில் மிகவும் மெலிந்த இடம் இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. பயண ஏஜென்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி விமானம் ஏறியவரின் முதல் ஓரிரு ஆண்டுப் பணம், ஊரில் ஒரு வட்டியை நிறுத்தவே போகிறது.

2025-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 10 அன்று டாலர் அதுவரை காணாத உயரமாக 87.95 வரை போனது. திர்ஹத்தில் அது 23.95. 24 என்று முழு எண்ணில் அலர்ட் வைத்திருந்தவருக்கு ஐந்து பைசாதான் பாக்கி. அன்று 23.90-க்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் மணி அடிக்கவில்லை. அடுத்த வாரங்களில் ரூபாய் வலுவடைந்தது. மார்ச் இறுதியில் திர்ஹம் 23.30-க்கு அருகே, மே முதல் வாரத்தில் 22.80 வரை இறங்கியது. அந்த அலர்ட் பேசாமல் கிடந்தது. டாலர் 88-ஐத் தாண்டிய ஆகஸ்ட் இறுதியில்தான் 24 வந்தது. ஆறரை மாதம்.

அவர் நிறுத்தி வைத்தது பிப்ரவரிச் சம்பளத்தில் 2,000 திர்ஹம் என்று கொள்வோம். திரை விலையிலேயே கணக்கிட்டால், 23.90-க்குப் பதில் 24-க்கு அனுப்பியதில் கிடைத்த கூடுதல் 200 ரூபாய். அந்த 47,800 ரூபாய் ஊரில் ஒரு கடனை அடைத்திருக்க வேண்டியது, அது நூற்றுக்கு இரண்டு வட்டிக் கடன் என்றால், ஆறரை மாதத்தில் கட்டிய வட்டி 6,200 ரூபாய்க்கு மேல். மாதம் ஒரு விழுக்காட்டு நகைக்கடன் என்றாலும் 3,100.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு மே தொடக்கத்தில் 22.80-ஐப் பார்த்து, இது இறக்கம், பொறுப்போம் என்று நிறுத்தியவருக்கு ஆகஸ்ட் இறுதியில் திர்ஹத்துக்கு 1.20 ரூபாய், 2,000-க்கு 2,400 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கடன் இல்லாதவருக்கு இது நல்ல லாபம், வைப்பு வட்டியைக் கழித்த பின்னும். ஆனால் இரண்டு வட்டிக் கடன் உள்ளவருக்கு, அந்த நான்கு மாதத்தில் வட்டியாகப் போனது சுமார் 3,600. ரூபாய் அவ்வளவு சாதகமாகத் திரும்பிய ஆண்டில்கூட அவருக்கு நட்டம்.

இதிலிருந்து ஒரு நாள் கணக்கு எடுக்கலாம். திர்ஹம் 23 ரூபாய் அளவில் இருக்கும்போது 10 பைசா என்பது அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வட்டிக் கடன் நாளொன்றுக்குத் தின்பது 0.067 விழுக்காடு. ஆகவே 10 பைசா ஏற்றத்துக்காக அவர் பொறுக்கக்கூடியது ஆறேழு நாள். அதற்குள் ஏறும் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதுவும். நகைக்கடன் என்றால் 13 நாள். வீட்டில் சேமிப்புக் கணக்கில் 3 விழுக்காட்டு வட்டிக்குத் தூங்கப்போகும் பணமென்றால் ஐம்பது நாள் வரை நீட்டலாம். ஒரே விலை, ஒரே ஏற்றம், மூன்று வீட்டுக்கு மூன்று விடை. ஒரே கேம்ப் அறையில் இருவர் ‘காத்திருந்தது சரி’, ‘தப்பு’ என்று சண்டையிட்டால், இருவர் சொல்வதும் அவரவர் வீட்டுக்குச் சரியாகவே இருக்கலாம்.

உச்ச விலை வரும்போது இதன் மறுபக்கமும் நடக்கிறது. அங்கேயே கிரெடிட் கார்டிலோ தனிநபர் கடனிலோ பணம் எடுத்து, ‘ரேட் நல்லா இருக்கு’ என்று மொத்தமாக அனுப்புவது. அங்குள்ள கடனுக்கும் வட்டி உண்டு. அடுத்த மாதம் ரூபாய் மேலும் சரிந்துவிட்டால், உச்சமென்று நினைத்தது உச்சமாகவும் இராது.

பிரித்து அனுப்புவது

பாதியை இன்று, பாதியை அலர்ட் வந்ததும் என்பது நடுவழி. எல்-யானிவ் குழுவினர் ஆராய்ந்த இன்னொரு முறையும் இதுபோல, விலை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது, இன்னும் சற்று நல்ல உத்தரவாதம் தரக்கூடியது. காகிதத்தில் அழகு. ஆனால் முறைக்கு 20 திர்ஹம் கட்டணம் இருக்கும் இடத்தில் 2,000 திர்ஹத்தை இரண்டாகப் பிரித்தால் இன்னொரு 20 போகிறது, அது முழுத் தொகையில் ஒரு விழுக்காடு. ஒரு மாத ஆட்டம் முழுவதையும் அது விழுங்கிவிடும். கட்டணமில்லா வழிகளில் மட்டுமே இந்த முறையைப் பேச இடமுண்டு.

ஏறிய விலை யாருக்குச் சாதகம்?

‘சாதகமான விலை’ என்ற சொல்லையே கேள்வி கேட்பவர்களும் உண்டு. திர்ஹத்துக்குக் கூடுதல் ரூபாய் என்றால் ரூபாய் மெலிந்திருக்கிறது என்று பொருள். இறக்குமதியாகும் எரிபொருள், சமையல் எண்ணெய் ஆகியவற்றின் விலையில் அது காலப்போக்கில் தெரியும். தங்கத்தில் உடனே தெரியும். தங்கத்துக்கு உலகச் சந்தையில் டாலரில் விலை. மகள் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பவர் ரேட் ஏறியதும் அனுப்பினால், கூடுதல் ரூபாயும் ஏறிய பவுன் விலையும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். அவரைப் பொறுத்தவரை 2024 ஜூலையில் இந்தியா தங்க இறக்குமதி வரியை 15-லிருந்து 6 விழுக்காடாகக் குறைத்ததே எந்த ரேட் ஏற்றத்தையும்விடப் பெரிய செய்தி. ரூபாயில் நிலைத்து நிற்கும் கடனை அடைப்பவருக்குத்தான் ரேட் ஏற்றம் முழு லாபமாகச் சேர்கிறது. காத்திருக்க முடியாதவரும் அவரே என்பது இந்த விஷயத்தின் முரண்.

ஆயினும், ஏறிய ரூபாய் வெறும் மாயை என்று தள்ளிவிட முடியாது. 1997 ஆசிய நெருக்கடியில் பிலிப்பைன்ஸ் பெசோ சரிந்தபோது வெளிநாட்டு உழைப்பாளிகளின் குடும்பங்களில் நடந்ததை டீன் யாங் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார். வேலை செய்யும் நாட்டின் நாணயம் கூடுதலாக வலுத்த குடும்பங்களுக்குப் பெசோவில் கூடுதல் பணம் வந்தது. அது பிள்ளைகளின் படிப்பிலும் சிறுதொழிலிலும் கூடுதல் முதலீடாகத் தெரிந்தது. ஆனால் அங்கே யாரும் நாள் பார்த்துக் காத்திருந்து பெற்றதல்ல அது, விலைமட்டமே மாறியதால் வந்தது. அலர்ட் பிடிக்க முயல்வது மட்டத்துக்குள் நடக்கும் சிற்றாட்டத்தை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது ஆய்வின் வலுவை அது சொல்லாத இடத்துக்கு நீட்டுவதாகும்.

இன்னும் முடிவாகாதவை

ரூபாய் இனி எப்படி ஆடும் என்பது முதலாவது. 2022 இறுதி முதல் 2024 இறுதி வரை ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் ஆட்டத்தை வெகுவாக அடக்கியிருந்தது. 2023 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியம், இந்தியாவின் முறையை ‘நிலைப்படுத்தப்பட்ட ஏற்பாடு’ என்றே வகைப்படுத்தியது. ரிசர்வ் வங்கி அதை ஏற்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு திர்ஹம் அலர்ட் மாதக்கணக்கில் பேசாது, அல்லது வைத்த மறுநாளே பேசிவிடும். இரண்டிலும் தகவல் குறைவு. 2025-இல் ஆட்டம் பெரிதானது. பெரிய ஆட்டம் அலர்ட்டுக்குக் கூடுதல் வேலை தருகிறது, தவறவிட்டால் வரும் இழப்பையும் அதே அளவு கூட்டுகிறது. எது மேலோங்கும் என்று இந்த ஓரிரு ஆண்டை வைத்துச் சொல்வது அவசரமாகும்.

அலர்ட்டை யார் தருகிறார்கள் என்பது இரண்டாவது. பணம் அனுப்பும் செயலி தன் சொந்த விலைக்கு அலர்ட் தந்தால், கவுன்ட்டர் விலைக்கும் திரை விலைக்கும் உள்ள இடைவெளிச் சிக்கல் தீர்கிறது. அதே நேரத்தில், அந்த மணி அனுப்புபவரை அந்த ஒரே வாசலுக்கு அழைத்துவருகிறது, பக்கத்து வாசலின் விலையைப் பார்க்கும் பழக்கத்தை மறக்கடிக்கவும் கூடும். சந்தை விலைக்கு அலர்ட் தருபவர் நடுநிலையாளர், ஆனால் அவர் சொல்லும் விலையில் யாரும் பணம் தருவதில்லை. இரண்டில் எது மேல் என்பது, எவ்வளவு தொகை, எத்தனை வழிகள் அருகில் உள்ளன என்பதைப் பொறுத்து மாறும்.

மூன்றாவது, அலர்ட்டில் எந்த எண்களைக் கேட்க வேண்டும் என்பது. இப்போது வழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைக் கேட்கின்றன: எத்தனை ரூபாய் வந்தால் சொல்ல வேண்டும்? மேலே பார்த்த கணிதம் ஒரு கெடு தேதியையும் கேட்கும். வட்டிக் கணக்கோ, ஊரில் அந்தப் பணம் எந்தக் கடனுக்கு, நூற்றுக்கு எவ்வளவுக்கு என்பதையும் கேட்கும். இதில் தொழில்நுட்பச் சிரமம் எதுவும் தெரியவில்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கலாம். இலக்கு எண்ணை வைப்பவர் துபாயில் இருக்கிறார். வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பதெல்லாம் இராமநாதபுரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ வீட்டை நடத்தும் மனைவிக்கோ அம்மாவுக்கோ தெரிந்தவை. ‘இந்த மாசம் ரேட் சரியில்லை, அடுத்த மாசம் சேர்த்து அனுப்புறேன்’ என்று அங்கிருந்து வரும் ஃபோனுக்கு ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு மாத வட்டியை எங்கே புரட்டுவது என்று யோசிப்பவரின் கைபேசியில் எந்த அலர்ட்டும் இல்லை.